24 இல்லை, 30 இருக்கிறது

கண்டியில் துணிக்கடையில் நிற்பவர்களுக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை, சித்திரையில்தான் பிறக்கிறது. புதுவருடத்துக்கு முந்திய இரண்டு வாரம் யட்டிநுவர வீதியிலும் கொழும்பு வீதியிலும் நடக்க இடம் இருக்காது. பிறகு பெரஹெரா, தீபாவளி, நத்தார் என்று ஒவ்வொன்றாக வந்து போகும். நோன்புப் பெருநாள் தன் கணக்கில் வருடத்துக்கு வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு சீசனுக்கும் சரக்கு எடுத்து, ஒவ்வொரு சீசன் முடிவிலும் மிச்சத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது இந்தத் தொழிலின் வழமை. அந்த மிச்சத்தை விற்கும் நாட்களில் கடைப் பெடியன்களும் பிள்ளைகளும் வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது பல வருடம் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் கிளியரன்ஸ் சேல் நாட்களில் காசாளர் மேசையில் நடக்கும் சண்டைகளில் பெரும்பகுதி, சொல்ல வேண்டியதை நேரத்தோடு சொல்லாததால் வருவது.

முதலில் மிச்சம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் மற்றது விளங்காது. கொழும்புப் புறக்கோட்டையில் கெய்சர் வீதியிலோ இரண்டாம் குறுக்குத் தெருவிலோ மொத்தமாகச் சரக்கு எடுக்கும்போது பிள்ளைகளின் கவுன் தனித்தனியாகக் கிடைக்காது, செட்டாகத்தான் கிடைக்கும். ஒரு செட் என்றால் 20, 22, 24, 26, 28, 30 என்று ஆறு அளவு, ஒவ்வொன்றிலும் ஒன்று. அந்த எண் கவுனின் நீளம், அங்குலத்தில். நாம் 12 செட் எடுத்தால் எல்லா அளவிலும் 12 வரும். ஆனால் கடைக்கு வரும் பிள்ளைகள் அப்படி ஆறு பங்காகப் பிரிந்து வருவதில்லை. நடு அளவுகள் சீசன் முடியும் முன்பே பறந்துவிடும், இரண்டு ஓரமும் நிற்கும். அதனால் கிளியரன்ஸுக்கு வரும் சரக்கு எப்போதும் உடைந்த செட்தான். விலை குறைவதற்குக் காரணம் துணி மட்டமானது என்பதல்ல, தேடுகிற அளவு பெரும்பாலும் இல்லை என்பதுதான். இதை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லாததால் அவர்கள் வேறு காரணங்களைக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடைவாசலில் ஒரு பெரிய பலகை இருக்கும். அதில் ஆளுயரத்துக்கு 50% என்று இருக்கும். பக்கத்தில் எறும்பளவில் ‘வரை’ என்று இருக்கும். கீழே ‘கையிருப்பு உள்ளவரை மட்டும்’ என்று இன்னொரு வரி. பில்லின் அடியில் ‘விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கும். மூன்றும் கண்டி முழுக்க வழங்கிய வாசகங்கள், நம் கடைக்கு மட்டும் உரியவை அல்ல. மூன்றுக்கும் ஒரே குணம்: கடைக்குச் சட்டை போட்டுவிட்டு வாடிக்கையாளரை வெறும் உடம்போடு நிறுத்துவது. எது பாதி விலை, எத்தனை இருக்கிறது, பிழை வந்தால் என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விக்கும் அவற்றில் பதில் இல்லை. பதிலைத் தேடி ஆட்கள் காசாளரிடம் வருவார்கள், அவர் கையில் அப்போது இன்னொருவரின் காசு இருக்கும்.

2022இல் நாங்கள் கிளியரன்ஸே போடவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களிலேயே 350ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. சித்திரை வியாபாரம் படுத்துவிட்டது. மிச்சம் மலை போல இருந்தாலும் அதே கவுனைத் திரும்ப எடுக்கப் போனால் புறக்கோட்டையில் விலை எங்கேயோ நின்றது. பழைய சரக்கைக் குறைத்து விற்பவன் முட்டாள் என்று முதலாளி சொன்னார், அந்த வருடத்துக்கு அது சரிதான். அதனால் அடுத்த வருடம், 2023 சித்திரை முடிந்தபோது, இரண்டு சீசன் மிச்சம் சேர்ந்திருந்தது. அந்த ஏப்ரல் 29, சனிக்கிழமை தொடங்கி மே 7, ஞாயிறு வரை சேல் என்று முடிவானது. அதற்கு எழுதியதை வைத்தே இங்கே விளக்குகிறேன்.

வசனம் எழுதுவதற்கு முன் எண்ண வேண்டும். கடை அடைத்த பிறகு ஒவ்வொரு டிசைனையும் அளவு வாரியாக எண்ணி ஒரு கொப்பியில் எழுதுவோம். உதாரணத்துக்கு மஞ்சள் பூப்போட்ட ஒரு கவுன். 12 செட், ஆக 72 எடுத்தது. மிச்சம் 27. அதில் 20இல் ஒன்பது, 22இல் மூன்று, 24 ஒன்றுகூட இல்லை, 26இல் ஒன்றே ஒன்று, 28இல் நாலு, 30இல் பத்து. ‘27 இருக்கிறது’ என்று சொன்னால் அது உண்மைதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு 24 தேடுகிற தாய்க்கு அது பொய் சொன்னதற்குச் சமம். அவளுக்கு இருப்பு பூஜ்யம். ஆகவே வாசகம் இப்படி வர வேண்டும்: ‘20உம் 30உம் இருக்கு. 24 இல்லை. 26 ஒண்ணுதான்.’ இதை ராக்கையின் மேல் கையால் எழுதி ஒட்டினோம். 26 விற்றதும் பிள்ளை ஒருத்தி பேனையால் அதை வெட்டிவிட வேண்டும். அச்சடித்த அட்டையில் இது முடியாது, அதனால்தான் கையெழுத்து. அழகு குறைவு, ஆனால் பகல் இரண்டு மணிக்கும் அது உண்மையாக இருக்கும்.

சதவீதத்தையும் எடுத்துவிட்டோம். 1,500 ரூபாய்க் கவுன் 900 என்றால் 900 என்று எழுதினால் போதும். சதவீதம் போட்டால் எதில் சதவீதம் என்ற கேள்வி வரும், பழைய விலைச் சீட்டு பொய்யோ என்ற சந்தேகமும் வரும். சந்தேகம் நியாயமானது. சேலுக்கு முதல் நாள் விலையை ஏற்றி எழுதி அடுத்த நாள் வெட்டிக் காட்டும் கடைகளைக் கண்டிக்காரர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், ஏமாற்றும் விதமாக நடந்துகொள்வதையும் சரக்கைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதையும் குற்றமாக்கியிருக்கிறது. சீசன் முழுக்க 1,500க்கு விற்றதைக் காட்ட நம்மிடம் பில் புத்தகம் இருந்தது. அதனால் பழைய சீட்டைக் கிழிக்காமல், அதன் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு 900 எழுதினோம்.

இதே சட்டத்தில் துணிக்கடைக்காரர் அதிகம் மீறும் இடம் இன்னொன்று: கையில் உள்ள சரக்கை இல்லையென்று சொல்வது. 16ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அரிசி, சீனி பதுக்குகிறவர்களுக்குத்தான் இது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் சேல் நாளில் ஒவ்வொரு மாடியிலும் நடப்பது அதுதான். மேல் ஸ்டோரில் அடுத்த சனிக்கிழமை இறக்க வைத்திருக்கும் கட்டு இருக்கும்போதே கீழே பெடியன் ‘அது முடிஞ்சிருச்சுக்கா’ என்பான். ஏறிப் போய்ப் பார்க்கச் சோம்பல், அல்லது முதலாளி அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார். அந்த அக்கா ஏமாற்றத்தோடு வேறெதையோ வாங்கிக்கொண்டு போவார். அடுத்த ஞாயிறு வந்து அதே கவுன் ராக்கையில் தொங்குவதைப் பார்த்தால் பிறகு நாம் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். நான் எழுதிக் கொடுத்த வரி: ‘இப்ப கீழ இல்லக்கா. மேல 30இல பத்து இருக்கு, சனிக்கிழமை காலையில இறக்குவோம். அதுக்குள்ள வேணும்னா சொல்லுங்க, எடுத்துத் தாரேன்.’ கடைசி வாக்கியத்தைச் சேர்க்க முதலாளியிடம் நான் பெரிய வாதமே செய்ய வேண்டியிருந்தது. மறைத்து வைத்து மெல்ல மெல்ல இறக்கினால்தான் கூட்டம் வரும் என்பது அவர் கட்சி. கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் கேட்டவருக்குக் கொடுக்காமல் மேலே வைத்திருப்பது வியாபாரத் தந்திரம் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது.

ஒருவருக்கு எத்தனை என்ற கட்டுப்பாடும் வேண்டும், அதற்கு மலைநாட்டுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. துணி மூட்டை கட்டித் தோட்டத்து லயங்களுக்குக் கொண்டுபோய்த் தவணைக்கு விற்பவர்கள் கண்டிச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். சேல் தொடங்கும் காலையில் ஷட்டர் தூக்கும்போதே அவர்கள் வாசலில் நிற்பார்கள். கடைக்கு அவர்கள் நல்ல வாடிக்கை. ஆனால் ஒன்பது மணிக்குள் நல்ல சரக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டால், கலஹா பஸ்ஸிலும் தெல்தோட்டை பஸ்ஸிலும் பத்து மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு ஓரம்தான் மிஞ்சும். பிறகு அதே கவுனைத் தவணையில் கூடிய விலைக்கு லயத்து வாசலில் அவர்களே வாங்குவார்கள். ‘பில்லுக்கு மூன்று’ என்று போட்டால் வேலைக்காகாது, ஐந்து பேரை வரிசையில் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் செய்தது, ஒரே டிசைனில் ஒரு ஆளுக்கு இரண்டு, மே 7 மதியத்துக்குப் பிறகு எவ்வளவும் எடுக்கலாம், மூட்டைக்காரர்களுக்கு மொத்த விலை. இதை வாசலிலேயே எழுதினோம், அவர்களிடம் முதலே வாயாலும் சொன்னோம். கோபித்துக்கொண்டவர் உண்டு. ஆனால் மேசைக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டை எடுத்து வைக்கச் சொல்வதுதான் அவமானம், வாசலில் சொல்வது அவமானமில்லை.

இனி, மாற்றும் விதி. இங்கேதான் அதிகக் கவனம் தேவைப்பட்டது.

முன்பு ஏழு நாளுக்குள் பில்லுடன் வந்தால் மாற்றலாம் என்று இருந்தது. கண்டி நகரத்து ஆளுக்கு ஏழு நாள் தாராளம், கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் வேலை விட்டு வரும் வழியில் மாற்றிவிடுவார். தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு அது விதியே இல்லாததற்குச் சமம். கிழமை நாளில் வர வேண்டுமானால் ஒரு பேர் போய்விடும். மலையகத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் சொல்வோம். அப்போது நடைமுறையில் இருந்தது 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய் நாட்சம்பளம். 900 ரூபாய்க் கவுனை மாற்ற 1,000 ரூபாய்ப் பேரை இழந்து, பஸ்ஸுக்கும் கொடுத்து யார் வருவார்கள்? ஞாயிறுதான் வருவார்கள். அந்த ஞாயிறு கையில் காசு இருக்குமா என்பது அடுத்த கேள்வி, ஏனென்றால் சம்பளம் பத்தாம் தேதி வாக்கில்தான். மாற்றும்போது கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வேறொன்றை எடுக்க நினைப்பவர் சம்பளத்துக்குப் பிறகுதான் வர விரும்புவார்.

ஆகவே நாள்கணக்கையே விட்டோம். சேலில் என்று வாங்கினாலும் மாற்றக் கடைசி நாள் மே 14, ஞாயிறு. சம்பளத்துக்குப் பிந்திய முதல் ஞாயிறு அது. முதல் நாள் வாங்கியவருக்குப் பதினைந்து நாள், கடைசி நாள் வாங்கியவருக்கு ஏழு. அநியாயம் என்று காசாளர் முணுமுணுத்தார். ஆனால் ஒரே தேதி என்றால் யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை, வாங்கிய நாளும் சேருமா சேராதா என்ற வழக்கும் இல்லை. பில்லில் ரப்பர் முத்திரை, மூன்று மொழியில், ‘மாற்ற: மே 14 வரை’. எழுத வாசிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும்: ‘சம்பளம் போட்ட பிறகு வாற ஞாயித்துக்கிழமை வரைக்கும் அம்மா.’ ஒரு நாட்காட்டியும் காட்டாமல் அது விளங்கும்.

எதற்கு மாற்றலாம் என்பது அடுத்தது. வழமையான நாளில் ‘மாற்றுவது’ என்றால் அதே கவுனில் வேறு அளவு என்று வாடிக்கையாளர் நினைப்பார். உடைந்த செட்டில் அது நடக்காது. 30ஐக் கொண்டுபோய் நீளமாக இருக்கிறது என்று திரும்பி வருகிறவருக்கு 24 நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விற்கும்போதே சொல்லாவிட்டால் அவர் பஸ் ஏறி வந்து அதைத் தெரிந்துகொள்வார். அதனால் விற்கும் வரியிலேயே சேர்த்தோம்: ‘இதில வேற அளவு கிடைக்காது. மாத்த வந்தா கடையில வேற எதுவும் எடுக்கலாம்.’

என்ன மதிப்புக்கு? பில்லில் கொடுத்த காசுக்கு. சீட்டில் கோடு போட்ட 1,500க்கு அல்ல. அன்பளிப்பாகக் கிடைத்த கவுனைக் கொண்டுவருகிறவருக்கு இது தெரியாது, அவர் கண்ணுக்கு 1,500தான் படும். பில் இல்லையென்றால் சேலின் கடைசி விலைக்கே எடுப்போம் என்று எழுதினோம். மே 5 வெசாக்குக்குப் பிறகு சில சரக்கை 700க்கு இறக்கியதால் இது முக்கியமானது. 900க்கு வாங்கியவர் பில்லோடு வந்தால் 900, பில் இல்லாமல் வந்தால் 700. பில்லை வைத்திருக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கணக்கில் இன்னொரு சிக்கல். ஆண்களின் டீசேர்ட், ஒன்று 1,200. மூன்றுக்கு 2,400. வீட்டுக்குப் போய் ஒன்று பிடிக்கவில்லை, மாற்ற வருகிறார். அவர் 1,200 மதிப்புக் கேட்பார். முதலாளி, திரும்பி வந்தது இலவசமாகக் கொடுத்தது, அதற்கு மதிப்பே இல்லை என்பார். இருவரும் தங்கள் பக்கம் சரியாகத்தான் பேசுகிறார்கள், ஏனென்றால் பில்லில் 1,200, 1,200, 0 என்று அடித்திருக்கிறது. காசாளரிடம் சொல்லி மூன்று வரியிலும் 800 என்று அடிக்கச் செய்தோம். திரும்பி வருவது எதுவானாலும் 800. ‘இலவசம்’ என்பதை எடுத்துவிட்டு ‘மூன்று 2,400’ என்று பலகையை மாற்றினோம். இலவசம் என்ற எழுத்து போனதால் கூட்டம் குறையும் என்று பயந்தார்கள். கொஞ்சம் குறைந்திருக்கலாம், அதை அளக்க என்னிடம் வழியில்லை. மேசையில் அந்த வழக்கு மட்டும் பிறகு வரவில்லை.

பழுது என்பது வேறு கதை. அதை மாற்றும் விதியோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. மனம் மாறி வருகிறவருக்குக் கடை கொடுப்பது சலுகை. மறைந்திருந்த பழுதோடு வருகிறவர் கேட்பது உரிமை. இலங்கையில் பொருள் விற்பனைக்கான கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம், ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் 1893இல் போட்ட சட்டத்தைப் பார்த்து எழுதியது. வாங்குகிறவர் பொருளைப் பார்த்து வாங்கியிருந்தால், பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்காக அவர் பிறகு கடைக்காரரைப் பிடிக்க முடியாது என்பது அதன் போக்கு. இதை ஒரு கடைக்காரர் இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ‘நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க’ என்று பிறகு மடக்கலாம். அல்லது குறையை நாமே எடுத்துக் காட்டிவிட்டு விற்கலாம். இரண்டாவதில் இருவருக்கும் மனம் நிம்மதி.

கண்டியின் ஈரம் துணிக்கு எதிரி. ஸ்டோரில் ஒரு சீசன் மடித்தே கிடந்த பருத்தியில் பூஞ்சணப் புள்ளி விழும், வெள்ளையில் அது தேயிலைக் கறை போலத் தெரியும். கண்ணாடி அலமாரியில் தொங்கிய சட்டை ஒரு தோளில் மட்டும் வெளிறும். பட்டுச் சேலை மடிப்பு விழுந்த கோட்டில் வெளிறும், சில சமயம் அந்தக் கோட்டிலேயே இழை விட்டுப்போகும். மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் மடித்து வைத்துக் காட்டும்போது தெரியாது. ஒசரி கட்டுகிற சிங்களப் பெண்கள் சேலையை முழுதாக விரித்துப் பார்ப்பார்கள், கொசுவம் விழும் இடம் அவர்களுக்கு முக்கியம். நம் பெண்கள் முந்தானையையும் கரையையும் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள். எனவே சேலில் போகும் ஒவ்வொரு சேலையையும் ஐந்தரை மீட்டரும் விரித்து, வாசல் வெளிச்சத்தில் இரண்டு பேர் பிடித்துக் காட்டாமல் பில் போடக் கூடாது என்று வைத்தோம். டியூப் லைட்டில் மடிப்பு வெளிறல் தெரியாது. பகல் வெளிச்சத்தில் தெரியும்.

குறை தெரிந்த உருப்படிகளுக்குத் தனி ராக்கை, ஒவ்வொன்றிலும் குறை இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு நூல். பில்லிலும் எழுத வேண்டும்: ‘இடது கையில் கறை, காட்டி விற்றது.’ அந்தக் கறைக்காகத் திரும்பி வர முடியாது. ஆனால் அதே சட்டையில் நாம் காட்டாத வேறொரு பழுது இருந்தால் மாற்றும் தேதியும் சேலும் குறுக்கே வராது, காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்த வித்தியாசத்தைப் பெடியன்களுக்கு விளங்கப்படுத்தத்தான் அதிக நேரம் பிடித்தது. சேல் சாமானுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்றே அவர்கள் முன்பு வேலை செய்த கடைகளில் படித்து வந்திருந்தார்கள்.

துண்டுத் துணிக்கும் ஒரு வரி தேவை. தானில் கடைசியாக மிஞ்சியதை ‘பிட்’ என்று போடுவோம். வெட்டிய துணி மாற்றப்படமாட்டாது, அது சரி. ஆனால் 58 அங்குல அகலத்தில் 1.10 மீட்டர் கிடந்தால், ‘இது 1.10தான், உயரமான ஆளுக்குக் கால்சட்டை வராது, டெய்லரிடம் கேட்டுட்டு எடுங்க’ என்று சொல்ல வேண்டும். தையல்காரர் 1.20, 1.30 கேட்பார். நீளத்தை எழுதி ஒட்டாமல் ‘பேண்ட் பிட்’ என்று மட்டும் போட்டால் அந்தப் பத்து, இருபது சென்ரிமீட்டருக்காக ஒரு வாடிக்கையாளரை இழப்போம்.

எல்லாம் சேர்த்துக் கடைசியில் வந்த வசனம் இவ்வளவுதான். கடைக்குள் மணிக்கு ஒரு தடவை மைக்கில் தமிழிலும் சிங்களத்திலும் சொல்வார்கள், இடையில் ஆள் ஆளாக வாயால் சொல்வார்கள்:

‘வாங்க, சித்திரை மிச்சச் சரக்கு. எல்லா அளவும் இல்லை. ராக்கை மேல எழுதியிருக்கிற அளவுதான் இருக்கு, இல்லாததைத் தேடி நேரம் போக்காதீங்க. ஒரே டிசைன்ல ஒரு ஆளுக்கு ரெண்டு. மே 7 மதியத்துக்குப் பிறகு எவ்வளவும் எடுக்கலாம். சிவப்பு நூல் இருந்தா அந்த இடத்தைப் பாருங்க, குறை இருக்கு, அதனாலதான் விலை குறைவு. மாத்தணும்னா பில்லோட மே 14 ஞாயிறு வரைக்கும் வாங்க. துவைக்காம, சீட்டைக் கழற்றாம கொண்டு வாங்க. நீங்க கொடுத்த காசுக்கு வேற சாமான் எடுக்கலாம், காசாத் தரமாட்டோம். உள்ளுடுப்பு, வெட்டின துணி, ஃபால் அடிச்ச சேலை மாத்தமாட்டோம். நாங்க காட்டாத பழுது இருந்தா காசே தருவோம்.’

முதலாளி இதை வாசித்துவிட்டு, ‘இப்படிப் பயங்காட்டினா யார்ரா வாங்குவான்?’ என்றார். முதல் நாள் காலையில் சிலர் சிவப்பு நூலைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் திரும்ப வைத்ததும் உண்மை. அவர்கள் எப்படியும் அடுத்த ஞாயிறு திரும்பி வரக்கூடியவர்கள் என்பது என் கணக்கு. மைக்கில் சொல்ல அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகிறது, அதற்கு மேல் ஒரு வரியும் சேர்க்க இடமில்லை. சொல்கிற பெடியன் சலித்துப்போய் வேகமாக ஓட்டினால் ஒன்றும் கேட்காது. அதனால் பிறகு மைக்கில் அளவையும் தேதியையும் மட்டும் வைத்து, மற்றதை மேசையில் ஆளுக்கு ஆள் சொல்ல மாற்றினோம். குறிப்பாக ‘காசாத் தரமாட்டோம்’ என்பது காசு வாங்கும் முன் காசாளர் வாயிலிருந்து வர வேண்டும். காசு வாங்கிய பிறகு சொன்னால் அது விதியல்ல, சாக்கு.

சிங்களத்தில் எழுதும்போதும் எல்லா வரியும் அதே ஒழுங்கில் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கண்டியில் சில கடைகளில் சிங்களத்தில் ஆறு வரியும் தமிழில் மூன்று வரியுமாகப் பலகை இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விடுபட்ட மூன்றும் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பது பற்றியதாகவே இருக்கும். வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லமாட்டேன், பலகை எழுதுகிறவருக்கு இடம் போதாமல் போயிருக்கலாம். ஆனால் தமிழ் மட்டும் வாசிப்பவர் அந்த விதி தெரியாமல்தான் காசு கொடுக்கிறார்.

கடையில் நிற்பவனாக இவ்வளவும் சொன்னேன். வாங்குகிறவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. சேல் என்று பில்லை விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது சட்டப்படி கடைக்காரரின் கடமை. சேலையைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், தையலுக்குக் கொடுக்கும் முன் வீட்டில் ஒரு தடவை மறுபடியும் பாருங்கள். பழுதென்று தெரிந்தும் கடையில் சரிவரவில்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைத்துக் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள்.